பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் எவ்வளவு, கைப்பணம் எவ்வளவு: இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகளுக்கு இங்கிலாந்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 40 லட்சம் ஆகும் என்கிறார்கள். எங்களிடம் 22 லட்சம் வைப்புத்தொகை இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கடன் வாங்கினால் சரியாகிவிடும் அல்லவா?

பெரும்பாலான குடும்பங்கள் இந்த வரிசையில்தான் யோசிக்கின்றன. முதலில் படிப்புச் செலவு, அதிலிருந்து கையிருப்பைக் கழித்தால் மீதி கடன். பெற்றோரின் முதுமை இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. அரசு ஊழியர் குடும்பமாக இருந்தால் ஓரளவு ஓய்வூதியமாவது பின்னால் நிற்கும். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை போன்ற ஊர்களில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் மீன் வியாபாரிகள், படகுப் பங்காளிகள், கடைக்காரர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள். இவர்களுக்கு 60 வயதுக்குப் பின் மாதம் பிறந்தால் பணம் அனுப்ப யாரும் இல்லை. வைப்புத்தொகை என்று ரசீதில் எழுதியிருந்தாலும் அந்த 22 லட்சம்தான் இவர்களுடைய ஓய்வூதியம்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் முதுமைக்குத் தேவையானதை ஒதுக்க வேண்டும். அதன்பின் பெற்றோர் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதையும், மூன்றாவதாகப் பிள்ளை தானே அடைக்கக்கூடிய கடன் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். கடைசி இரண்டின் கூட்டுத்தொகைதான் குடும்பத்தின் சக்தி. படிப்பை அந்தச் சக்திக்குள் தேட வேண்டும்.

இனி வரும் பதில்களில் ஒரு மாதிரிக் குடும்பத்தையே தொடர்ந்து பார்ப்போம். தந்தை பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்பவர், வயது 53. தாய்க்கு 49. மகள் பட்டம் முடித்திருக்கிறாள், மகன் பத்தாம் வகுப்பு. வைப்புத்தொகை 22 லட்சம், உச்சிப்புளியில் சுமார் 15 லட்சம் பெறும் ஒரு மனை, மாதம் 10,000 வாடகை தரும் இரண்டு கடைகள், குடியிருக்கும் வீடு, தாயின் நகைகள். நல்ல மாதம், மோசமான மாதம் எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் மாதம் 25,000 மிச்சம் பிடிக்கிறார்கள்.

எங்கள் முதுமைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பிள்ளைகளுக்கான செலவை நீக்கிவிட்டு, கணவன் மனைவி இருவருக்கு மட்டும் இன்று மாதம் எவ்வளவு செலவாகிறது என்று எழுதுங்கள். அரிசி, மளிகை, மின்கட்டணம், மருந்து, விசேஷங்களுக்குச் செய்யும் மொய், ஊர் வரி எல்லாம் இதில் அடங்கும். நம் மாதிரிக் குடும்பத்துக்கு அது 30,000 என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், தந்தைக்கு 60 வயதாகும்போது அதே வாழ்க்கைக்கு மாதம் 45,000 வேண்டும். அப்போது கடை வாடகை 15,000 ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டால், சேமிப்பிலிருந்து மாதம் 30,000 எடுக்க வேண்டியிருக்கும்.

ஓய்வுக்குப் பின் பணத்தைப் பாதுகாப்பான இடத்தில் வைத்தால், வட்டி ஏறக்குறைய விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்டும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் கணக்கில் 25 ஆண்டுகளுக்கு 90 லட்சம் தேவைப்படும். மனைவி நான்கு வயது இளையவர் என்பதையும் இங்கே மறக்கக் கூடாது. இந்த 25 ஆண்டுகள் அவரை 81 வயது வரைதான் கொண்டுபோகும். நம் ஊர்களில் எண்பதைக் கடந்து தனியாக இருக்கும் தாய்மார் எத்தனை பேர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். 22 லட்சம் 7 விழுக்காட்டில் ஏழு ஆண்டுகள் இருந்தால் 35 லட்சம் ஆகும். மாதம் 25,000 சேமிப்பை ஒருமாதமும் விடாமல் போட்டால் 27 லட்சம் சேரும். மனை 22 லட்சம் வரை போகும் என்று வைத்தால் மொத்தம் 84 லட்சம். அதாவது மகளின் படிப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காத நிலையிலேயே 6 லட்சம் குறைகிறது. 22 லட்சம் என்றவுடன் பெரிய தொகையாகத் தோன்றியது, இந்த இடத்தில் வேறு மாதிரித் தெரியும்.

அப்படியானால் நாங்கள் எதுவுமே கொடுக்கக் கூடாதா?

கொடுக்கலாம். ஆனால் அதற்கு ஈடாக என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். 53 வயதில் எடுக்கும் 10 லட்சம், 60 வயதில் இருந்திருக்க வேண்டிய 16 லட்சம். அந்த இடைவெளியை நிரப்ப வியாபாரிக்கு இருக்கும் நடைமுறை வழி, இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாக உழைப்பது. தந்தை 60-க்குப் பதிலாக 62 வரை வியாபாரம் செய்தால், சேமிப்பு இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வளர்கிறது, புதிய சேமிப்பும் சேர்கிறது, எடுத்துச் செலவழிக்க வேண்டிய காலமும் இரண்டு ஆண்டுகள் சுருங்குகிறது.

இந்தக் குடும்பம் 10 லட்சத்தைக் கொடுத்துவிட்டு 62 வரை உழைத்தால், மனையையும் சேர்த்துக் கையில் 84 லட்சம் அளவுக்கு நிற்கும். அந்த வயதில் தேவை 93 லட்சம். குறை 9 லட்சம்தான். அதைச் செலவைச் சற்றுச் சுருக்கியோ, அப்போது கைவசம் உள்ள நகையில் ஒரு பகுதியைக் கொண்டோ சமாளிக்கலாம். ஆனால் 22 லட்சம் முழுவதையும் கொடுத்துவிட்டு அதே இரண்டு ஆண்டுகள் உழைத்தால், குறை 31 லட்சத்தை எட்டுகிறது. அதை உழைத்து ஈடுகட்டும் வயது அப்போது இருக்காது. ஆகவே இவர்களுக்கு 10 லட்சம்தான் எல்லை என்பது என் கருத்து.

உடல்நிலையும் இதில் சேரும். கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர் 62 வரை உழைப்பேன் என்று சொல்வது நியாயம். விசைப்படகில் தானே கடலுக்குப் போகிறவர் அப்படிச் சொல்லக் கூடாது. அவருக்கு 58 வயதிலேயே தொழில் நின்றுவிடும் என்று கணக்கிடுவதுதான் பாதுகாப்பு.

வங்கி 30 லட்சம் வரை தரத் தயாராக இருக்கிறது. வாங்கலாமா?

வங்கி எவ்வளவு தரும் என்பதும், குடும்பம் எவ்வளவு தாங்கும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். வங்கி பார்ப்பது அடமானச் சொத்தின் மதிப்பையும், கூட்டுக் கடனாளியான பெற்றோரின் வருமானத்தையும். நீங்கள் பார்க்க வேண்டியது, மகள் நினைத்தபடி வேலை கிடைக்காமல் இந்தியாவுக்குத் திரும்பினால் இங்குள்ள சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்பது.

பவுண்டில் வரும் சம்பளத்தை வைத்துக் கடனை நிர்ணயிப்பதுதான் பெரும்பாலான குடும்பங்களை மாட்டிவிடுகிறது. இங்கிலாந்தில் படிப்பு முடித்தபின் வேலை தேடித் தங்குவதற்கு இதுவரை 2 ஆண்டு அனுமதி கிடைத்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, முனைவர் பட்டம் பெற்றவர்கள் தவிர, அது 18 மாதமாகக் குறைகிறது. அதன்பின் அங்கே நீடிக்க வேண்டுமானால், பணியாளருக்கு விசா ஆதரவு தரும் உரிமம் பெற்ற நிறுவனத்தில், நிர்ணயித்த சம்பளத்துக்குக் குறையாமல் வேலை கிடைத்தாக வேண்டும். 2025 ஜூலையில் அந்தப் பொது வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்த்தப்பட்டது. புதிதாகப் படித்து வருபவர்களுக்கு அது சற்றுக் குறைவு என்றாலும், எல்லாத் துறைகளிலும் எளிதில் கிடைக்கும் சம்பளம் அன்று.

இப்போது கணக்கைப் பார்ப்போம். வட்டி 10.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஓராண்டுப் படிப்புக்கு 30 லட்சம் வாங்கினால், தவணை தொடங்கும் நாளில் கடன் சுமார் 35.5 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் 48,000 வேண்டும். பதினைந்து ஆண்டில் அடைக்க 39,000.

மகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்பி, கையில் மாதம் 50,000 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து போக, சம்பளத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் கடனுக்குப் போனால் இரண்டாவது ஆண்டிலேயே தவணை தவறத் தொடங்கும். ஆகவே தவணை 20,000-ஐத் தாண்டக் கூடாது. பதினைந்து ஆண்டுத் தவணைக்கு இது சுமார் 15 லட்சம் கடனைத்தான் தாங்கும். 15 லட்சத்துக்கு மேல் வாங்கும் ஒவ்வொரு லட்சமும், மகள் கட்ட முடியாத நிலை வந்தால் நீங்கள் கட்ட வேண்டிய பணம். நீங்கள் கட்டுவது மாதம் 25,000 சேமிப்பிலிருந்துதான். அந்தச் சேமிப்பு நின்றால் முதுமைக் கணக்கில் 27 லட்சம் காணாமல் போகும்.

வெளிநாட்டில் நல்ல வேலை கிடைத்துவிட்டால் மிகவும் நல்லது. கடனை மூன்று, நான்கு ஆண்டுகளில் அடைத்துவிடலாம். வட்டி விகிதம் மாறும் கடனாக இருந்தால், தனிநபர் முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் விதிக்கக் கூடாது.

ஆக 10 லட்சம் நாங்களும் 15 லட்சம் கடனும் சேர்ந்து 25 லட்சம்தான். 40 லட்சப் படிப்பை விட்டுவிட வேண்டியதுதானா?

அந்தக் குறிப்பிட்ட படிப்பை, அந்தக் குறிப்பிட்ட விலையில் விட்டுவிட வேண்டும் என்பதுதான் நேர்மையான பதில். இதைச் சொல்வது எளிதன்று என்பது தெரியும். சேர்க்கைக் கடிதம் வந்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்ட பிறகு இந்தக் கணக்கைப் போடும் பெற்றோரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும். அதனால்தான் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே, இந்த 25 லட்சம் என்ற எண் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

40 லட்சம் எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள். பவுண்ட் 120 ரூபாய் என்று கொண்டால், கட்டணம் 18,000 பவுண்ட், அதாவது 21.6 லட்சம். லண்டனுக்கு வெளியே ஓராண்டு வாழ 13,000 பவுண்ட், அதாவது 15.6 லட்சம். விசா, மருத்துவக் கட்டணம், விமானம், முதல் மாதச் சாமான்கள் சேர்ந்து 2.8 லட்சம். இதில் வாழ்க்கைச் செலவைப் பெரிதாகக் குறைக்க முடியாது. குறையக்கூடியது கட்டணம் ஒன்றுதான். அதைக் கல்வி உதவித்தொகை குறைக்க வேண்டும், அல்லது நாடு மாற வேண்டும்.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்குள்ள பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டும்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ. யூரோ 105 ரூபாய் என்றால் அது 12.5 லட்சம். அந்தப் பணம் மாதாமாதம் பிள்ளையின் செலவுக்கே திரும்பி வருகிறது. படிப்பு இரண்டு ஆண்டு. ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி இருப்பதால், இரண்டாம் ஆண்டுச் செலவில் ஒரு பகுதியைப் பிள்ளை தானே ஈட்டலாம். இது 25 லட்சத்துக்குள் அடங்கும்.

இதற்கும் வரம்புகள் உண்டு. இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஏபிஎஸ் சான்று பெற வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். ஆங்கிலத்திலேயே படிப்பு இருந்தாலும், ஜெர்மன் மொழி தெரியாவிட்டால் பகுதிநேர வேலையும் பின்னால் நிரந்தர வேலையும் கடினம். ஆகவே இது மலிவான மாற்று என்று நினைத்துக் கடைசி நேரத்தில் எடுக்கும் முடிவாக இருக்க முடியாது, குறைந்தது ஓராண்டு முன்னேற்பாடு வேண்டும்.

வீட்டை அடமானம் வைத்தால் வட்டி குறையுமே, வைக்கலாமா?

வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பெற்றோரின் கூட்டுக் கையெழுத்து போதும், 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம், அதற்கு மேல் சொத்து அடமானம் வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு என்றால் 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் செலவின் 15 விழுக்காட்டை நீங்கள் போட வேண்டும். சில வங்கிகள் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியல் வைத்து அடமானம் இல்லாமலும் தருகின்றன. வங்கிசாரா நிதி நிறுவனங்களும் தருகின்றன, ஆனால் வட்டி கூடுதல்.

நம் பகுதியில் சிக்கல் வட்டியில் வருவதைவிடப் பத்திரத்தில்தான் அதிகம் வருகிறது. மேலாளர் பட்டா நகலைப் புரட்டிப் பார்ப்பார். கூட்டுப் பட்டாவாக இருக்கும். மூன்று பெயர்களில் ஒருவர் சவூதியில் இருப்பார், ஒருவர் காலமாகி வாரிசுச் சான்று எடுக்காமல் கிடக்கும். கடலோர வீடுகள் சில புறம்போக்கில் நிற்கின்றன, அவற்றுக்குப் பட்டாவே இருக்காது. விவசாய நிலத்தைப் பெரும்பாலான வங்கிகள் கல்விக் கடனுக்கு ஏற்பதில்லை. படகை நம்பியும் போக முடியாது. சொத்து அடமானத்தில் வாங்குவதாக இருந்தால், சேர்க்கைக் கடிதம் வரும் முன்பே வில்லங்கச் சான்றும் தனிப் பட்டாவும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விசா நேர்காணல் நெருங்கும்போது அவசரத்தில் கூடுதல் வட்டிக் கடனில் போய் விழ நேரும்.

எந்தச் சொத்தை வைப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. குடியிருக்கும் வீடு ஒன்றே ஒன்றுதான் என்றால் அதை வைக்காதீர்கள், உச்சிப்புளி மனையை வையுங்கள். கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண்ணின் பெயரில் இருப்பது வழக்கம். அப்படி இருக்கும் வீட்டை அடமானம் வைத்தால், கணவனுக்குப் பின் மனைவிக்கு இருக்கும் ஒரே கூரையைத்தான் வைக்கிறீர்கள். கடன் தவறினால் வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்கச் சட்டம் இடம் தருகிறது.

நகைக்கடன் வாங்கி அனுப்பலாமா?

இரண்டு, மூன்று மாத இடைவெளியை நிரப்ப நகைக்கடன் நல்ல வழி. கல்விக் கடன் ஒப்புதலாகிப் பணம் வரும்முன் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தால் அதற்குப் பயன்படுத்தலாம். படிப்பு முழுவதையும் நகைமேல் நடத்துவது ஆபத்து. நகைக்கடனில் பெரும்பாலானவை ஓராண்டுக் கடன்கள். பிள்ளை சம்பாதிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இடையில் ஒவ்வோர் ஆண்டும் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் வட்டி தவறினால் ஏல அறிவிப்பு வந்துவிடும்.

எங்கள் வீட்டில் வட்டிக் கடன் வாங்குவதில்லை. எங்களுக்கு வழி என்ன?

உங்கள் கணக்கில் 15 லட்சம் கடன் என்ற பகுதி இல்லை, அவ்வளவுதான். அதை உங்கள் முதுமைப் பணத்தை எடுத்து நிரப்பக் கூடாது. உறவினர்களிடமோ ஊர் ஜமாத்திடமோ அறக்கட்டளைகளிடமோ வட்டியில்லாத அழகிய கடன் கிடைக்கக்கூடும். அப்படி வாங்கினால், எந்த மாதம் முதல் எவ்வளவு திருப்புவது, பிள்ளைக்கு வேலை தாமதமானால் என்ன செய்வது என்பதை எழுதி இரு பக்கமும் கையெழுத்திடுங்கள். வளைகுடாவில் இருக்கும் தாய்மாமன் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். அவருக்கும் ஒருநாள் அங்கிருந்து திரும்ப வேண்டிய நாள் வரும், அந்தப் பணம் அவருடைய முதுமைக்கானது. பலரிடம் இரண்டு இரண்டு லட்சமாக வாங்குவதைவிட ஓரிருவரிடம் வாங்குவது நல்லது, திருப்புவதைக் கண்காணிக்க முடியும். இந்த வழியில் 15 லட்சம் சேராவிட்டால், கட்டணமில்லாத நாட்டையோ, முழு உதவித்தொகையையோ மட்டும் குறிவையுங்கள்.

கையிலுள்ள பணத்தை முதலில் செலவழிக்கலாமா, கடனை முதலில் எடுக்கலாமா?

கொடுப்பதென்று முடிவு செய்த 10 லட்சத்தை முதலில் பயன்படுத்துங்கள். வைப்புத்தொகை 7 விழுக்காடு தரும்போது 10.5 விழுக்காடு கட்டுவது நட்டம்தான். வங்கி கேட்கும் 15 விழுக்காட்டுப் பங்கு, விசா, விமானச் செலவு ஆகியவற்றுக்கு அதில் ஒரு பகுதியைச் செலுத்துங்கள். வங்கி, கடனைப் பகுதி பகுதியாகவே விடுவிக்கிறது, விடுவித்த தொகைக்கு மட்டுமே வட்டி. ஆகவே வாழ்க்கைச் செலவுக்கான பகுதியைத் தேவைப்படும்போது மட்டும் கேளுங்கள்.

படிப்புக் காலத்தில் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்ட முடிந்தால் கட்டுங்கள். 15 லட்சத்துக்கு அது மாதம் 13,000 அளவுக்கு வரும். கொடுக்க ஒதுக்கிய 10 லட்சத்தில் இதற்கும் ஒரு பகுதியை நிறுத்திவைக்கலாம். அப்படிச் செய்தால் கடன் 15 லட்சமாகவே நிற்கும், 18 லட்சத்தை நெருங்காது. சில வங்கிகள் இதற்காக வட்டியில் சிறு சலுகையும் தருகின்றன.

ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு வங்கி முன்வரி பிடிக்கும். நிதி நிறுவனத்திடம் பெற்ற கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் இந்தப் பிடித்தம் இல்லை. பிடித்த வரியை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம்.

வருமான வரியில் சலுகை உண்டாமே?

கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். அசலுக்குக் கிடையாது, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். கடனின் அளவை முடிவு செய்யும் அளவுக்கு இது பெரிய விஷயம் அன்று.

தடைக்காலத்தில் வருமானமே இருக்காது. அப்போது தவணை வந்தால்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கருவாட்டு வியாபாரிக்கும் அதன் தாக்கம் ஜூலை வரை நீளும். புயல் சின்னம் உருவானாலோ, எல்லை தாண்டியதாகப் படகு பிடிபட்டாலோ இன்னும் சில வாரங்கள் போய்விடும். வங்கியின் தவணைத் தேதி இதற்காக நகராது. ஆகவே தவணை தொடங்கும் முன்பே ஆறு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். 20,000 தவணைக்கு அது 1.2 லட்சம். மகள் கட்டத் தொடங்கிய பிறகும் அந்தக் கணக்கை முதல் இரண்டு ஆண்டுகள் மூட வேண்டாம்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வியாபாரிகளில் பலர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதில்லை. வங்கி இரண்டு, மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்கும். கடன் கேட்கும் ஆண்டில் அவசரமாகத் தாக்கல் செய்தால் அது நம்பகமாக இருக்காது. மகன் பத்தாம் வகுப்பில் இருக்கும் இப்போதே தொடங்கினால் அவன் முறை வரும்போது கைகொடுக்கும்.

மகளுக்கு 10 லட்சம் கொடுத்துவிட்டால் மகனுக்கு என்ன செய்வது?

மகனுக்கு இன்னொரு 10 லட்சம் இந்தக் குடும்பத்திடம் இல்லை. கணக்கில் நாம் 10 லட்சத்தைத்தான் முதுமையிலிருந்து எடுத்தோம், அதற்கே இரண்டு ஆண்டு உழைப்பு ஈடாகப் போனது. ஆகவே அது இருவருக்கும் சேர்த்து 10 லட்சம் என்று இப்போதே தீர்மானிக்க வேண்டும். மகளுக்கு 6, மகனுக்கு 4 என்றோ, இருவருக்கும் சமமாகவோ பிரியுங்கள். மகன் இந்தியாவிலேயே அரசுக் கல்லூரியில் படித்தால் அவனுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். 6, 4 என்று பிரித்தால் மகளின் எல்லை 25-லிருந்து 21 லட்சமாகிறது, அதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மகளோ மகனோ படித்து முடித்து, வேலை கிடைக்காமல் போனால்?

படிப்பு முடிந்து ஒன்பதாவது மாதத்திலும் வேலை உறுதியாகவில்லை என்றால், முதல் தவணைக்குக் காத்திருக்காமல் வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். தவணைக் காலத்தை நீட்டவோ, தொடக்கத்தில் குறைவாகவும் பின்னால் கூடுதலாகவும் கட்டவோ கேட்கலாம். இதற்கு வங்கி ஒப்புக்கொள்வது அதன் விருப்பம்தான், ஆனால் தவறிய பின் போவதைவிடத் தவறும் முன் போனால் பேச இடம் உண்டு. தவணை 90 நாள் தாண்டி நிலுவையில் நின்றால் அது வாராக்கடன் ஆகும். மகளின் பெயரோடு கூட்டுக் கடனாளியான உங்கள் கடன் மதிப்பெண்ணும் விழும், நாளைக்குச் சரக்கு எடுக்க வியாபாரக் கடன் கேட்கும்போது அது வெளிப்படும்.

கடனுக்கு இணையான தொகைக்கு மகள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்துவையுங்கள். தந்தை 62 வரை உழைப்பார் என்ற நம்பிக்கையில்தான் மேலே சொன்ன கணக்கு முழுவதும் நிற்கிறது, ஆகவே அவர் பெயரிலும் அந்த வயது வரைக்கும் ஒரு காப்பீடு வேண்டும். பணம் திரும்பி வராத, ஆயுளுக்கு மட்டுமான காப்பீடாக எடுத்தால் பிரீமியம் குறைவு. அந்தப் பிரீமியத்தை மாதம் 25,000 சேமிப்பிலிருந்து எடுக்காமல், வீட்டுச் செலவில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.